குழந்தையின் முதல் முள் வாட்ச்: எந்த டயல்?

மீனா_திருச்சி | ஜூன் 2, காலை 10.20

பொண்ணுக்கு ஆறரை வயசு, ரெண்டாம் வகுப்பு போறா. முழு மணியும் அரை மணியும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லுவா. அடுத்து ஐந்தைந்து நிமிஷமா படிக்கணும். அதுக்கு அவ கையிலேயே ஒரு முள் வாட்ச் இருந்தா நாள் முழுக்கப் பழகுவாளேன்னு தோணுது. ஆயிரம் ரூபாய்க்குள்ள வாங்கணும். கடையில பார்த்ததெல்லாம் ரெண்டு வகை. ஒண்ணு, டயல் முழுக்க பொம்மைப் படம், எண் 12, 3, 6, 9 மட்டும். இன்னொண்ணு, 1 முதல் 12 வரைக்கும் எண், அதைச் சுத்தி வெளிவட்டத்துல 5, 10, 15னு நிமிஷ எண். அவளுக்குப் பொம்மைதான் வேணும். எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது. வாங்கிப் பழக்கினவங்க சொல்லுங்க.

ராஜேஷ்_கோவை | ஜூன் 2, காலை 11.05

பொம்மையே வாங்குங்க. பிடிச்சாதான் கையில போடும். என் பையன் நாலு எண் மட்டும் இருக்குற டயல்லதான் கத்துக்கிட்டான். 12, 3, 6, 9 தெரிஞ்சா நடுவுல இருக்குறதைக் கணக்குப் போட்டுக்கலாம். ஆனா வாட்டர் ரெசிஸ்டண்ட் 30 மீட்டர்னு பின்னாடி போட்டிருக்கணும், அது முக்கியம். 30 மீட்டர் ஆழம் வரைக்கும் தாங்கும், நீச்சலுக்கே போட்டு அனுப்பலாம்.

பழையவாட்ச்காரர்_மதுரை | ஜூன் 2, மதியம் 2.40

தம்பி, பிடிச்சாதான் போடும்னு நீங்க சொன்னது சரி. 30 மீட்டர் சங்கதி அப்படி இல்ல. அது கம்பெனியில அசையாத தண்ணியில அழுத்தம் வச்சுப் பார்க்குற அளவு. கை கழுவுறது, மழைத் தூறல், இதைத்தான் தாங்கும். நீச்சலுக்குன்னா 100 மீட்டர் போட்டிருக்குறதைப் பாருங்க. அதிலயும் பக்கத்துல இருக்குற கிரவுன், அதான் மணி வைக்கத் திருப்புற திருகு, உள்ள அமுங்கி இருக்கணும். வெளிய இழுத்த நிலையில குழாயடியில நீட்டினா எந்த வாட்சுக்குள்ளயும் தண்ணி போயிரும். சின்னப் பிள்ளைங்க வாட்சைத் திறந்தா நான் அதிகம் பார்க்குறது இதைத்தான்.

வேலு_சேலம் | ஜூன் 2, மாலை 4.15

சிம் போடுற மாதிரி, எங்க இருக்குன்னு போன்ல காட்டுற வாட்ச் வாங்குங்க. ஸ்கூல் வேன் லேட்டானா பயமில்லை. பேத்திக்கு அதுதான் வாங்கினோம், நல்லா இருக்கு.

மீனா_திருச்சி | ஜூன் 2, மாலை 4.50

வேலு ஐயா, அது வேற தேவை. இவ முள்ளைப் பார்த்து மணி சொல்லக் கத்துக்கணும், அதுக்குத்தான் கேட்டேன். நீங்க சொன்னதுல எண்ணாவே மணி வந்துடும், முள்ளைப் பார்க்கவே மாட்டா.

சுபா_லண்டன் | ஜூன் 3, அதிகாலை 1.30

நான் இங்கே தொடக்கப் பள்ளி ஆசிரியை. எங்கள் பாடத்திட்டத்தில் முதல் ஆண்டில் முழு மணியும் அரை மணியும் வரும். இரண்டாம் ஆண்டில் கால், முக்கால், ஐந்து நிமிடம். ரோமன் எண் போட்ட கடிகாரம் மூன்றாம் ஆண்டில்தான். மீனா மகள் இருப்பது இரண்டாம் கட்டம். அந்தக் கட்டத்தில் குழந்தைகள் தடுமாறுவது நிமிட முள்ளில் என்றுதான் பெற்றோர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை தடுமாற்றம் சின்ன முள்ளில்தான்.

2.50ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய முள் 10இல் இருக்கிறது. ஐந்தாம் வாய்ப்பாடு தெரிந்த குழந்தை ஐம்பது என்று சரியாகவே சொல்லிவிடும். ஆனால் சின்ன முள் 3ஐத் தொட்டுவிடுகிற மாதிரி நிற்கும். குழந்தைக்குக் கிட்டே தெரிகிற எண் 3. அதனால் "மூணு ஐம்பது" என்று சொல்லும். 2.10க்கு இந்தத் தப்பு வருவதில்லை, ஏனென்றால் முள் 2க்குப் பக்கத்தில் இருக்கிறது. மகளிடம் 2.10, 2.50 இரண்டையும் வைத்துக் கேட்டுப் பாருங்கள். முதலாவது சரியாகவும் இரண்டாவது ஒரு மணி கூடுதலாகவும் வந்தால், அவளுக்குத் தேவை சின்ன முள் தெளிவாகத் தெரிகிற டயல். நிமிட எண் அதற்கு அடுத்ததுதான்.

மீனா_திருச்சி | ஜூன் 3, இரவு 8.10

சாயங்காலம் சுவர்க் கடிகாரத்தை இறக்கி வச்சுக் கேட்டேன். 2.10 சரி. 2.50க்கு "த்ரீ ஃபிஃப்டி"ன்னா. 6.45க்கு "செவன் ஃபார்ட்டிஃபைவ்". சுபா மேடம் சொன்னது அப்படியே. பெரிய முள்ளை ஒரு தடவைகூடத் தப்பாச் சொல்லல. இப்ப கேள்வியே மாறிடுச்சு எனக்கு. சின்ன முள் தெளிவா இருக்குற டயலை எப்படிக் கண்டுபிடிக்குறது?

பழையவாட்ச்காரர்_மதுரை | ஜூன் 3, இரவு 9.35

இது என் வேலை, சொல்றேன்.

முதல்ல நீளம். சின்ன முள்ளோட நுனி மணி எண்ணோட அடிவரைக்கும் வந்து நிக்கணும், எண்ணை மூடக் கூடாது. பெரிய முள் நுனி வெளிவட்டத்துல இருக்குற நிமிஷக் கோட்டைத் தொடணும். பொம்மையோட ரெண்டு கையையே முள்ளா வச்ச வாட்ச் வரும், அதுல பலதுல ரெண்டு கையும் ஒரே பருமன், நீளத்துலயும் பெரிய வித்தியாசம் இருக்காது. பெரியவங்களே ரெண்டு தடவை பார்த்துத்தான் மணி சொல்லணும். அது வேண்டாம்.

ரெண்டாவது, முள் ஏத்தின லட்சணம். இதைக் கடையில யாரும் பார்க்குறதில்ல. கிரவுனை முழுசா இழுத்து, முன்னோக்கியே திருப்பி 12க்குக் கொண்டு வாங்க. ரெண்டு முள்ளும் ஒண்ணு மேல ஒண்ணு நிக்கணும். அப்படியே முன்னோக்கித் திருப்பி மூணரைக்குக் கொண்டு வாங்க. சின்ன முள் 3க்கும் 4க்கும் நட்ட நடுவுல இருக்கணும். அப்புறம் 6 மணி, ரெண்டு முள்ளும் ஒரே நேர்கோடு. பின்னோக்கித் திருப்பாதீங்க. பல்சக்கரத்துல கொஞ்சம் லொடலொடப்பு இருக்கும், பின்னாடி திருப்பினா நல்ல வாட்சும் தப்பாக் காட்டும்.

விலை குறைஞ்ச வாட்சுல சின்ன முள்ளை அவசரத்துல கோணலா அமுக்கியிருப்பாங்க. ஒரு எண்ணுலேர்ந்து அடுத்த எண்ணுக்குப் போக சின்ன முள்ளுக்கு ஒரு மணி நேரம் ஆகுது. அந்த இடைவெளியில ஆறுல ஒரு பங்கு தள்ளி நின்னாலே பத்து நிமிஷப் பிழை. நமக்கு அது தெரியாது, பெரிய முள்ளை வச்சு சமாளிச்சுருவோம். பிள்ளைக்கு மூணரையில முள் 4ஐ ஒட்டி நின்னா நாலரைன்னுதான் சொல்லும். அது மேல தப்பு இல்ல, வாட்ச் அப்படிக் காட்டுது.

ஏற்கனவே வாங்கிட்டவங்க தூக்கிப் போட வேண்டாம். எந்த ரிப்பேர் கடையிலயும் முள்ளை எடுத்து 12ல வச்சுத் திரும்ப அமுக்கிக் கொடுப்பாங்க. சின்ன வேலை.

ராஜேஷ்_கோவை | ஜூன் 3, இரவு 10.20

இப்பதான் பையன் வாட்சை எடுத்துப் பார்த்தேன். மூணரைக்குச் சின்ன முள் 4 கிட்ட இருக்கு. இவ்வளவு நாள் கவனிச்சதே இல்ல. அவன் எப்பவும் ஒரு மணி கூட்டிச் சொல்லுவான், அவசரப்புத்தின்னு திட்டிட்டு இருந்தோம்.

அகிலன்_யாழ் | ஜூன் 4, காலை 7.45

என்ர மகன் இடக்கையன். வலக்கையிலதான் கட்டோணும் எண்டு அடம். கடையில "கிரவுன் இடப்பக்கம் இருக்கிற வாட்ச் தேடுங்கோ" எண்டு சொல்லினம். அப்பிடி ஒண்டு எங்கயும் கிடைக்கேல்லை. ஆருக்கும் தெரியுமோ?

பழையவாட்ச்காரர்_மதுரை | ஜூன் 4, காலை 9.00

தேட வேண்டாம் தம்பி. சாதாரண வாட்சையே வலக்கையில கட்டிப் பாருங்க, கிரவுன் முழங்கைப் பக்கம் போயிரும். பிள்ளைக்கு அது நல்லதுதான். இடக்கையில கட்டினா கிரவுன் புறங்கையைக் குத்தும், பிள்ளை அதை இழுத்துக்கிட்டே இருக்கும். மணி வைக்கப் போறது நீங்கதானே, கழட்டி வச்சுக்குங்க.

கிரவுன்னு வந்ததால இன்னொண்ணு. வாட்ச் நின்னு போச்சுன்னு கொண்டு வர்றவங்கள்ல பல பேருக்கு நான் செல் மாத்துறதே இல்ல. பிள்ளை கிரவுனை இழுத்து விட்டிருக்கும். இழுத்தா நிக்குற மாதிரிதான் வாட்சைச் செஞ்சிருக்காங்க. முதல்ல அதை அமுக்கிப் பாருங்க, அப்புறம் கடைக்கு வாங்க.

அகிலன்_யாழ் | ஜூன் 4, காலை 9.20

வலக்கையில கட்டிப் பாத்தனான், நீங்கள் சொன்னது சரி அண்ணை. இவ்வளவு சுகமான விஷயத்துக்கு ரெண்டு மாசமாத் தேடித் திரிஞ்சிருக்கிறன்.

மீனா_திருச்சி | ஜூன் 5, இரவு 9.15

கடைக்கு முன்னாடி வீட்டுல ஒண்ணு செஞ்சேன். பழைய சுவர்க் கடிகாரத்தோட கண்ணாடி மேல ஸ்கெட்ச் பேனாவால நடுவுலேர்ந்து ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கோடு. பன்னிரண்டு அறையா பிரிஞ்சுது. 2லேர்ந்து 3 வரைக்கும் இருக்குறது ரெண்டாம் நம்பர் வீடு. சின்ன முள் அந்த வீட்டை விட்டு வெளிய வர்ற வரைக்கும் மணி ரெண்டுதான், வாசல்ல நின்னாலும் ரெண்டுதான்னு சொன்னேன். பெரிய முள்ளை ஒரு துண்டுக் காகிதத்தால மறைச்சு, சின்ன முள்ளை மட்டும் வச்சு "எந்த வீடு?"ன்னு விளையாடினோம். 2.50க்கு "ரெண்டாம் வீடு"ன்னா. காகிதத்தை எடுத்ததும் "ரெண்டு ஐம்பது".

அடுத்து அவளே கேட்டா, "சரியா மூணு மணின்னா முள் கோடு மேல நிக்குதே, அப்ப எந்த வீடு?" கோட்டைத் தொட்டா புது வீடுன்னு சொல்லியிருக்கேன்.

சுபா_லண்டன் | ஜூன் 6, அதிகாலை 2.05

பெரிய முள்ளை மறைத்தது மிக நல்ல வழி. சின்ன முள்ளை மட்டும் பார்த்து "ரெண்டு தாண்டியாச்சு", "மூணு ஆகப் போகுது" என்று சொல்லப் பழகிய குழந்தை பிறகு நிமிடத்தில் தடுமாறுவது குறைவு. வகுப்பில் நாங்கள் சின்ன முள் மட்டும் உள்ள அட்டைக் கடிகாரத்தில் தொடங்குவது அதற்காகத்தான்.

ஒரு எச்சரிக்கை. கோடு போட்ட கடிகாரத்தை நிரந்தரமாக வைக்காதீர்கள். சில வாரங்களில் கோட்டை ஒன்றுவிட்டு ஒன்று அழித்துவிடுங்கள்.

கார்த்தி_சிங்கப்பூர் | ஜூன் 6, காலை 8.30

டயல்ல வலப்பக்கம் "பாஸ்ட்", இடப்பக்கம் "டு"ன்னு அச்சடிச்ச வாட்ச் வருதே, அதை யாரும் சொல்லல. பிரிட்டன்ல ஈஸிரீட் டைம் டீச்சர்னு ஒரு பிராண்ட். டைமெக்ஸ்ல வேற வழி, மணி முள் மேல "ஹவர்", நிமிஷ முள் மேல "மினிட்"னு எழுதியே இருக்கும். அந்த டைமெக்ஸ்தான் என் மகளுக்கு வாங்கினேன். எலாஸ்டிக் துணி ஸ்ட்ராப், அவளே மாட்டிக்குவா. எந்த முள் எதுன்னு மறுபடி கேட்கவே இல்ல.

மீனா_திருச்சி | ஜூன் 6, காலை 10.10

"டு" அச்சடிச்சதை ஆன்லைன்ல பார்த்தேன் கார்த்தி. என் பொண்ணுக்கு அது வேண்டாம்னு நினைக்கிறேன். வீட்டுல நாங்க ரெண்டே கால், ரெண்டரை, ரெண்டே முக்கால்னு சொல்றோம். மூணு அடிக்குற வரைக்கும் ரெண்டை விடுறதே இல்ல. வீடு விளையாட்டும் அதே கணக்குதான். "டென் டு த்ரீ"ன்னு டயல் சொல்லிக் கொடுத்தா மறுபடி 3ஐப் பிடிச்சுக்குவா.

சுபா_லண்டன் | ஜூன் 6, மாலை 6.40

இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை மீனா. பள்ளியில் ஆங்கிலத்தில்தான் படிக்கிறாள் என்றால் தேர்வில் "குவார்ட்டர் டு" வரும். வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று இரண்டும் எப்படியும் வரப்போகிறது. என் வகுப்புத் தமிழ்ப் பிள்ளைகள் முக்கால் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இங்கே "டு" சொல்கிறார்கள். முதல் சில மாதம் குழப்பம் இருக்கும் என்பது மட்டும் உண்மை.

மீனா_திருச்சி | ஜூன் 6, இரவு 8.55

"டு" படிக்க வேண்டாம்னு சொல்லல மேடம். முதல் வாட்சுல இருக்க வேண்டாம்னுதான் சொல்றேன். ரெண்டு ஐம்பதுன்னு உறுதியாச் சொல்லட்டும், மூணுக்கு இன்னும் பத்து நிமிஷம்ங்கிறதை அதுலேர்ந்து கழிச்சு எடுத்துக்கலாம்.

சுபா_லண்டன் | ஜூன் 6, இரவு 11.50

வரிசை அதுதான், சரி. டயலில் இருந்தால் கெடுதல் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

ராஜேஷ்_கோவை | ஜூன் 7, காலை 9.30

நிமிஷ எண் பத்தி ஒரு சந்தேகம். 5, 10, 15னு டயல்லயே எழுதியிருந்தா பிள்ளை அதைப் படிச்சுச் சொல்லிட்டுப் போயிடுமே? 4ல முள் இருந்தா இருபதுன்னு மனசுல எப்பப் பதியும்? அதுக்குத்தான் நாலு எண் டயல் சொன்னேன்.

சுபா_லண்டன் | ஜூன் 7, மாலை 5.15

கேள்வி சரியானது. தீர்வுதான் சரியில்லை. நாலு எண் டயலில் குழந்தை ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்ய வேண்டியிருக்கிறது, எழுதாத 4ஐக் கண்டுபிடிப்பது, பிறகு அதை ஐந்தால் பெருக்குவது. பன்னிரண்டு மணி எண்ணும் இருக்கட்டும், நிமிட எண்ணும் வெளிவட்டத்தில் சிறியதாக இருக்கட்டும். கையில் நிமிட எண் உள்ள வாட்ச், வீட்டுச் சுவரில் நிமிட எண் இல்லாத கடிகாரம். முதலில் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கையைப் பார்த்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வாய்ப்பாடு தானாகப் பதியும்.

இரண்டு வட்டமும் ஒரே நிறத்தில், ஒரே அளவில் இருந்தால் மட்டும் வாங்க வேண்டாம். 2.50ஐப் பத்து மணி மூன்று நிமிடம் என்று படிக்கிற குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். மணி எண்ணும் மணி முள்ளும் ஒரு நிறம், நிமிட எண்ணும் நிமிட முள்ளும் இன்னொரு நிறம் என்றால் மிக நல்லது. ஸ்விட்சர்லாந்தின் ஃபிளிக் ஃபிளாக் 1987 முதல் குழந்தைகளுக்கென்றே முள் வாட்ச் செய்கிறது. அதன் பல டயல்களில் இந்த நிறப் பொருத்தத்தைப் பார்க்கலாம். விலைதான் மீனா சொன்ன வரம்புக்குள் வராது.

பழையவாட்ச்காரர்_மதுரை | ஜூன் 7, இரவு 8.20

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம்ம ஊர்ல ஓசூர் டைட்டன்காரங்களே ஜூப்னு பிள்ளைங்களுக்குன்னு தனியாப் போடுறாங்க. பேரைப் பார்த்து வாங்காதீங்க, டயலைப் பாருங்க. எந்தக் கம்பெனியிலயும் படிக்கத் தோதான டயலும் வரும், அழகுக்கு மட்டும்னு டயலும் வரும்.

மீனா_திருச்சி | ஜூன் 9, இரவு 9.40

வாங்கியாச்சு. நேத்து அவளையும் கூட்டிட்டுப் போனேன். மூணு வாட்சை வெளிய எடுத்து வைக்கச் சொன்னேன்.

முதலாவது அவ கேட்ட பொம்மை. ரெண்டு கையும் முள், வெள்ளைக் கையுறை, டயலும் வெளிர் நிறம். 2.50 வச்சு அவகிட்டயே நீட்டினேன். உத்து உத்துப் பார்த்துட்டு "எது சின்னது?"ன்னா. அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல வேண்டியிருக்கல.

ரெண்டாவது பார்க்க அருமையா இருந்துச்சு. நிமிஷ வட்டம் இருக்கு, முள்ளும் நிறம் நிறமா இருக்கு. அண்ணா சொன்ன மாதிரி 12 வச்சேன், சரி. மூணரைக்குத் திருப்பினா சின்ன முள் 4ஐ நோக்கிச் சாய்ஞ்சு நிக்குது. 12ல எப்படிச் சரியா இருந்துச்சுன்னு மறுபடி பார்த்தேன். அங்கேயும் ஒரு மயிரிழை வலப்பக்கம் தள்ளித்தான் இருந்திருக்கு, பெரிய முள் மேல இருந்ததால தெரியல. கடைக்காரர் கோவிச்சுக்கல, அதே மாடல்ல இன்னொண்ணு எடுத்தார். அது மூணரை, ஆறு, ஒன்பதரை எல்லாம் சரி. அதையே வாங்கிட்டேன். மூணாவதைத் தொடவே இல்ல.

நீல நிறத்துல மணி எண்ணும் மணி முள்ளும், சிவப்புல நிமிஷம். ஸ்ட்ராப்புல சின்னதா ஒரு முயல் இருக்கு, அதுல அவ சமாதானம்.

கார்த்தி_சிங்கப்பூர் | ஜூன் 9, இரவு 10.30

ஸ்ட்ராப் எது? ரப்பர்னா நம்ம ஊர் வெயில்ல வேர்த்து அரிக்கும்.

மீனா_திருச்சி | ஜூன் 10, காலை 7.00

நைலான் துணி. வாட்சோட அடிப்பக்கம் முழுக்கப் போய் வர்ற மாதிரி ஒரே பட்டை. பின்மூடி உலோகம் தோல்ல படாது. ஞாயித்துக்கிழமை கழட்டித் துவைச்சுக்கலாம். ரப்பர் ஸ்ட்ராப்புல அக்கா பையனுக்கு மணிக்கட்டுல செவ்வட்டமே விழுந்துச்சு, அதைப் பார்த்ததால முதல்லயே கேட்டு வாங்கினேன்.

டயல் அகலம் 30 மில்லிமீட்டர் கிட்ட இருக்கும். கட்டி விட்டுப் பார்த்தேன், மணிக்கட்டை விட்டு வெளிய நீட்டல.

ராஜேஷ்_கோவை | ஜூன் 10, காலை 9.50

என் பையன் வாட்சை ரிப்பேர் கடையில கொடுத்து முள்ளை மாத்தி அமுக்கினாங்க. நின்னபடியே செஞ்சு கொடுத்தார். நேத்து ராத்திரி எட்டரைக்கு எட்டரைன்னு சொன்னான்.

அங்க இன்னொரு யோசனையும் சொன்னாங்க. நொடி முள்ளை எடுத்துடலாமாம், பிள்ளை அதையே பார்த்துட்டு இருக்குமாம். எடுக்கலாமா?

சுபா_லண்டன் | ஜூன் 10, மாலை 6.10

எடுக்கலாம் என்பேன். வகுப்பில் நொடி முள் உள்ள கடிகாரத்தைக் காட்டினால் பாதிப் பேர் அது சுற்றுவதைத்தான் பார்க்கிறார்கள். மூன்று முள்ளில் எது எது என்பதே ஒரு பாடமாகிவிடுகிறது.

பழையவாட்ச்காரர்_மதுரை | ஜூன் 10, இரவு 9.05

டீச்சரம்மா, நான் எடுக்க வேண்டாம்னு சொல்வேன். நொடி முள் ஓடினாத்தான் வாட்ச் ஓடுதுன்னு பிள்ளைக்குத் தெரியும். கிரவுன் இழுபட்டு நின்னா அது இல்லாம எப்படிக் கண்டுபிடிக்கும்? நின்ன வாட்சைப் பார்த்து மணி சொல்லிட்டு இருக்கும். சில வாட்சுல செல் தீரப் போறப்ப நொடி முள் ஒவ்வொரு நொடியா நகராம நாலு நாலு நொடியா குதிக்கும், மாத்தச் சொல்ற அடையாளம் அது. மெலிசா, டயலோட நிறத்துலயே இருக்குற நொடி முள்ளா பார்த்து வாங்குங்க, கண்ணை இழுக்காது.

செல் மாத்தும்போது பழைய செல்லை வீட்டுல போட்டு வைக்காதீங்க, கடையிலயே விட்டுடுங்க. முள் வாட்சுல இருக்குறது பொடி செல்தான், ஆனா கைக்குழந்தை இருக்குற வீட்டுல அதுவும் வாய்க்குப் போகும். லைட் எரியுற பொம்மை வாட்சுல சிலதுல அஞ்சு ரூபாக் காசு அளவு லித்தியம் செல் இருக்கும், அது தொண்டையில சிக்கினா உள்ள அரிச்சிரும். முழுங்கிட்டான்னு சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடணும், வெளிய வந்துரும்னு காத்திருக்கக் கூடாது.

சுபா_லண்டன் | ஜூன் 11, அதிகாலை 1.20

நின்ற வாட்ச் விஷயத்தை நான் யோசிக்கவில்லை. வகுப்புக் கடிகாரத்துக்கு என் கருத்து அதேதான். கையில் கட்டுவதற்கு நீங்கள் சொன்ன மெல்லிய நொடி முள் பரவாயில்லை.

மீனா_திருச்சி | ஜூன் 14, இரவு 8.30

கேட்டவங்களுக்காக. காலும் அரையும் முக்காலும் இப்ப யோசிக்காமச் சொல்றா. 2.50 மாதிரி நேரமும் வருது. 1.57, 1.58ல மட்டும் ரெண்டுங்கிறா, முள் கோட்டைத் தொட்டுடுச்சாம். அந்த வாட்சுல சின்ன முள் நுனி கொஞ்சம் தடிமன், அவ கண்ணுக்குத் தொட்ட மாதிரிதான் தெரியுது. அப்படின்னா பெரிய முள் 12ஐத் தாண்டிடுச்சான்னு பாருன்னு சொல்லிப் பழக்கிட்டு இருக்கேன். வேற வழி இருந்தா சொல்லுங்க.

பழையவாட்ச்காரர்_மதுரை | ஜூன் 14, இரவு 9.10

அதுதான் வழிம்மா. எந்த வாட்சுலயும் அந்த மூணு நாலு நிமிஷத்துக்குச் சின்ன முள் பதில் சொல்லாது, பெரிய முள்ளைத்தான் கேட்கணும். அடுத்த வாட்ச் வாங்கும்போது நுனி கூர்மையா இருக்குறதாப் பாருங்க.